டீயா, பீடிப் புகையா, சரக்கா: மாதவிலக்கு வலிக்கு எது அதிகக் காரணம்?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண் யாராவது "ஒவ்வொரு மாசமும் முதல் நாள் எந்திரிக்கவே முடியலைங்க" என்று சொன்னால், பக்கத்து டேபிள் அக்கா முதலில் சொல்வது, "டீயக் குறை கண்ணு, சூடு ஏறிப்போச்சு." டீ கண்ணில் படுகிற பழக்கம், அதனால் பழி முதலில் அதன்மேல் விழுகிறது. வீட்டுக்குள் புருஷன் இழுக்கிற பீடியை யாரும் இந்த வலியோடு சேர்த்துப் பேசுவதில்லை. புகை, மது, காஃபீன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரிசை வேறு மாதிரி வருகிறது.

வலி எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மாதவிலக்கு தொடங்கும்போது கருப்பையின் உள்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இறுக்கம் அதிகமானால் அந்தத் தசைக்கே ரத்தம் போவது குறைகிறது, அதுதான் அடிவயிற்றில் சுருட்டிப் பிடிக்கும் வலி. ஆக, ரத்தக் குழாயை இன்னும் சுருக்குகிற எதுவும் சந்தேகப் பட்டியலில் வரும்.

நிகோடின் செய்வது அதையேதான். புகைப்பவர்களுக்கு மாதவிலக்கு வலி கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் ஒரே திசையில் காட்டியிருக்கின்றன. எண்ணிக்கை ஏற ஏற வலியும் ஏறுகிறது. தேதியிலும் அதன் கை இருக்கிறது: நாளுக்கு ஒரு பாக்கெட்டும் அதற்கு மேலும் இழுப்பவர்களுக்குச் சுழற்சியின் முதல் பாதி, அதாவது முட்டை முதிரும் பகுதி, சுருங்குகிறது. மாதவிலக்கு சீக்கிரம் வருகிறது, மாதத்துக்கு மாதம் நாள் மாறுகிறது. மாதவிடாய் நிற்பதும் ஓரிரு வருடம் முன்னால் வந்துவிடுகிறது.

"நம்ம ஊர்ப் பொண்ணுங்க எங்கீங்க சிகரெட் பிடிக்கறாங்க?" என்று கேட்கலாம். நியாயம்தான். 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் அடுத்தவர் விடும் புகையும் இந்தக் கணக்கில் சேரும். சீனாவின் ஷென்யாங் நகரில், தாங்கள் புகைக்காத, புதிதாகத் திருமணமான பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. வீட்டில் அதிகப் புகைக்கு ஆளானவர்களுக்கு, புகையே படாதவர்களைவிட வலி வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. இளம் வயது, வீட்டுக்குள் அடுத்தவர் விடும் புகை எல்லாம் நம் பல்லடம், அவிநாசிப் பக்கத்து நிலைமையோடு ஒத்துப்போவதால் இதை நான் சாதாரணமாகத் தள்ளிவிட மாட்டேன்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். செக்கிங் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை அறை லைன் வீடு. கணவர் ராத்திரி கட்டிலில் உட்கார்ந்தே பீடி பிடிக்கிறார். இவர் நாளுக்கு ஆறு டீ குடிக்கிறார். இந்திய உணவு வழிகாட்டி (2024) ஒரு 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் என்கிறது. பேக்கரி கிளாஸில் வருவது 100 மில்லிக்குப் பக்கம். அப்படியானால் ஒரு டீக்கு 20 முதல் 43, ஆறுக்கு 120 முதல் 260. அதே வழிகாட்டி சொல்லும் நாள் உச்சவரம்பு 300. ஆறு டீ குடித்தும் அவர் வரம்புக்குள்தான் இருக்கிறார். கணவரின் பீடிக்கு அப்படிப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. இந்த வீட்டில் முதலில் வாசலுக்கு வெளியே போக வேண்டியது பீடிதான். ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது, அறைக்குள் புகையே கூடாது.

காஃபீன் மீதான சாட்சி ஏன் பலவீனம் என்றால், ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. 300 மில்லிகிராமுக்கு மேல் குடிப்பவர்களுக்குச் சுழற்சி 24 நாளுக்குள் சுருங்குவது கூடுதல் என்று ஒரு பழைய அமெரிக்க ஆய்வு கண்டது. வலியைப் பற்றி ஒன்று ஆம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. காஃபீன் ரத்தக் குழாயைச் சுருக்கும். ஆனால் அதே காஃபீனைத்தான் வலி மாத்திரை நன்றாக வேலை செய்யட்டும் என்று சில மாத்திரைகளில் சேர்க்கிறார்கள். நைட் ஷிப்ட் பார்ப்பவர்தான் அதிகம் டீ குடிக்கிறார், தூக்கம் கெட்டால் தேதியும் கெடும். இதில் டீயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது லேசில்லை.

டீயின் நிஜமான கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் அதிலுள்ள பொருள்கள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் ரத்தம் போகிற பெண்ணுக்கு அது ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். அதன் அசதியும் தலைச்சுற்றலும் வலி நாளை இன்னும் கஷ்டமாக்கும். டிபன் பாக்ஸ் மூடியதும் டீக் கடைக்கு ஓடாமல், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் விட்டுக் குடித்தால் போதும், டீயை விடவே தேவையில்லை.

சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. வேலையில் இருப்பவருக்குக் கணக்கு மாறும். ஃபில்டர் காபி 150 மில்லிக்கு 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன். மூன்று காபியும் ஒரு கேன் எனர்ஜி டிரிங்கும் என்றால் வரம்பைத் தாண்டிவிடும். இவர் சிகரெட்டும் பிடித்து, அதை விட முடிவெடுத்தால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புகையில் உள்ள பொருள்கள் காஃபீனைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றச் செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும். அதே மூன்று காபி ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து மறுபடி பற்றவைப்பார்கள். சிகரெட்டை விடும்போதே காபியையும் பாதியாக்கினால் இதைத் தவிர்க்கலாம். கர்ப்பத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் காஃபீன் மெதுவாகத்தான் வெளியேறும்.

மதுவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எப்போதாவது கொஞ்சம் குடிப்பதற்கும் தேதி தவறுவதற்கும் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. தொடர்ந்து அதிகம் குடித்தால் மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் கட்டளை குலைந்து, முட்டை வராமல், மாதவிலக்கு மாதக்கணக்கில் காணாமல் போகலாம். வலிக்குப் பிராந்தி ஒரு மூடி என்ற கைவைத்தியத்துக்குப் பின்னால் அரை உண்மை உண்டு: சாராயம் கருப்பைத் தசையைத் தளர்த்தும், ஒரு காலத்தில் குறைப்பிரசவத்தைத் தடுக்க ஆஸ்பத்திரியிலேயே நரம்பு வழி ஏற்றினார்கள். ஆனால் வலி நாளில் பலர் போடுவது மெஃபனாமிக் அமிலம் உள்ள வலி மாத்திரை. அதோடு மதுவும் சேர்ந்தால் இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியலாம். மாத்திரை போட்ட நாளில் ஒரு மூடியும் வேண்டாம்.

எது உங்களுக்குக் காரணம் என்று தெரிய, மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். காலண்டரில் மாதவிலக்கு முதல் நாள், வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மாத்திரை என்று மட்டும் குறித்து, இரண்டு சுழற்சிக்குப் பழையபடியே இருங்கள். பிறகு புகையை மட்டும் நிறுத்தி மூன்று சுழற்சி பாருங்கள். காஃபீன் அடுத்த முறை. அதை ஒரேயடியாக விட்டால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடிக்கும், அதையும் மாதவிலக்கு வலியோடு சேர்த்து எண்ணிவிடுவீர்கள். சில நாளுக்கு ஒரு கிளாஸ் என்று குறையுங்கள்.

மாத்திரைக்கு அடங்காத வலி, மாதவிலக்கு இல்லாத நாளிலும் வலி, வருடத்துக்கு வருடம் கூடுகிற வலி, உறவின்போது வலி என்றால் பழக்கங்களில் காரணம் தேட வேண்டாம். கருப்பையின் உள்சவ்வு போன்றது வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் அல்லது கருப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவர் பார்க்கட்டும். கர்ப்பம் இல்லாமல் மூன்று மாதம் வரவில்லை, அல்லது 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வருகிறது என்றாலும் அப்படியே. காலண்டரைக் கையோடு எடுத்துப் போங்கள், தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.