பேட்டரி இல்லாத டேக்: 125 கிலோஹெர்ட்ஸா, 13.56 மெகாஹெர்ட்ஸா?

கதவைத் திறக்க ரீடரில் காட்டும் RFID டேக்கில் எதை வாங்குவது என்று குழம்புபவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் பேட்டரி கிடையாது. ரீடரின் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது டேக்கின் சுருளைக் கடக்கும்போது அங்கே மின்னழுத்தம் பிறக்கிறது. அதை நேர்மின்னோட்டமாக்கிச் சிப் விழிக்கிறது. பதில் சொல்ல அது தான் இழுக்கும் மின்னோட்டத்தை மாற்றி மாற்றிக் காட்டும். அந்தச் சிறு அசைவை ரீடர் தன் சுருளிலேயே உணரும்.

சுருள்: பிறக்கும் மின்னழுத்தம் அதிர்வெண்ணோடு சேர்ந்து ஏறும். 13.56 மெகாஹெர்ட்ஸ் என்பது 125 கிலோஹெர்ட்ஸைப் போலச் சுமார் 108 மடங்கு. அதனால் மெல்லிய அட்டைக்குள் சில சுற்றுகளே போதும். டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் பல அட்டைகளில் அவற்றை எண்ணிவிடலாம். 125-க்கோ முடிபோன்ற கம்பியை நூற்றுக்கணக்கில் சுற்ற வேண்டும்.

வேகம்: 13.56-தான். மறையாக்கம் செய்து பேசவும் நேரம் இருக்கும். பழைய 125 டேக்குகள் பல வெறும் எண்ணை ஒப்பிப்பவை, நகலெடுப்பது எளிது.

உலோகம்: இங்கே 13.56 தடுமாறும். உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து புலத்தை எதிர்க்கும், ஒத்ததிர்வும் விலகும். கையில் பிடித்தபோது வேலை செய்த அட்டை, இரும்புக் கதவில் ஒட்டியதும் செத்துப்போனால் காரணம் இதுதான். நடுவே ஃபெரைட் தாள் வைத்தால் பிழைக்கும். 125 இதில் கொஞ்சம் பொறுமைசாலி.

சரி, பூட்டுக்கும் கட்டணத்துக்கும் 13.56, உலோகச் சூழலில் வெறும் அடையாள எண் போதுமென்றால் 125.