பழுதில்லை என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்: பழைய ஹைபிரிட் கார் பார்க்கும் உறவினர்களுக்கு

வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்காகவோ மருமகனுக்காகவோ கொழும்பில் கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒரு லட்சம் ரூபாய் முற்பணம் சிக்கிக் கிடக்கிறது. அது சிக்கிய விதம் தெரிந்தால் இன்னொருவர் தப்பலாம்.

என் தம்பி தோஹாவில் ஏசி ரெக்னீஷியன். ஒப்பந்தம் முடிந்து திரும்பி வருகிறான். வருவதற்கு முன் மூன்று கார்களைத் தெரிந்து வைக்கச் சொல்லி எனக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதியிருந்தான். அதிலிருந்து சில வரிகள்:

“அக்கா, டொயோட்டா அக்குவா கிடைத்தால் நல்லது. ஆனால் பின் சீற்றுக்குக் கீழே இருக்கும் பெரிய பற்றரிதான் அந்தக் காரின் உயிர். அதைச் சரியாகப் பாராமல் ஒன்றையும் பட்டியலில் போட வேண்டாம். சீ.ஆர். புத்தகத்தின் மூலப்பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கோ. அதில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் விட்டுவிடுங்கோ. காரை வெயிலில் நிற்கும்போது போய்ப் பாருங்கோ, ஏசி போட்டுக் குளிராக்கி வைத்துக் காட்டினால் நம்ப வேண்டாம்.”

கடைசி வரியின் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. பின் சீற்றின் பக்கத்தில் அதற்கு ஒரு காற்றுத் துவாரம் உண்டு. கார் முழுக்கக் குளிர்ந்திருந்தால் பற்றரியும் குளிர்ந்திருக்கும், பலவீனம் வெளியே தெரிய நேரம் எடுக்கும்.

பார்த்த கார்களில் ஒன்றின் புத்தகத்தில் லீசிங் கம்பனி இருந்தது, அதை அப்போதே விட்டேன். இன்னொன்றின் விலை எட்டவில்லை. மிஞ்சியது நுகேகொடைப் பக்கம் ஒரு கார் சேலில் நின்ற 2014 ஆம் ஆண்டு வெள்ளி நிற அக்குவா. புத்தகம் சுத்தம், செசி இலக்கமும் பொருந்தியது. நான் போய்ச் சேர்ந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. “மெடம் வெயிலில் வருவீங்க என்றுதான் போட்டு வைத்தோம்” என்றார் விற்பனையாளர். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். ஆனால் சுற்றி ஓட்டக் கொடுத்த தூரம் இரண்டு மூன்று தெருக்கள்தான்.

அதனால் பணம் கட்டி, வாகனப் பரிசோதனை செய்யும் ஒருவரை அங்கேயே வரவழைத்தேன். அவர் கணினியைப் பொருத்தி ஸ்கேன் எடுத்து, “ஹைபிரிட் சிஸ்டம்: பழுது இல்லை” என்று கையெழுத்து வைத்துத் தந்தார். ரிப்போர்ட்டைத் தம்பிக்கு அனுப்பினேன். அதே மாலை விற்பனையாளர் தோஹாவுக்கே அழைத்து, வேறொருவர் காசோடு நிற்கிறார் என்று சொல்லியிருக்கிறார். தம்பி கையெழுத்திட்ட ரிப்போர்ட்டை நம்பி ஒரு லட்சம் அனுப்பிவிட்டான். பரிசோதனைக்குப் பணம் வாங்கிய ஒருவர் எழுதிக் கொடுத்ததை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

இரவு வேலை முடிந்து ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் அவன் விரித்துப் பார்த்தபோது கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன:

```
Distance from DTC Cleared     2 km
Warmup Cycle Cleared DTC      0
```

கார் ஒரு பழுதைக் கண்டால் அதற்கு ஒரு குறியீட்டைத் தன் நினைவில் பதிந்து, டாஷ்போர்டில் விளக்கையும் எரிய விடும். அந்தக் குறியீட்டைத்தான் DTC என்கிறார்கள். ஸ்கேனர் உள்ள எவரும் ஒரு பொத்தானை அழுத்தி அந்தக் குறியீட்டை அழிக்கலாம். விளக்கு அணைந்துவிடும், பழுது அப்படியே இருக்கும். பெரிய பற்றரி பிளொக்குகள் என்ற பல பகுதிகளால் ஆனது. அவற்றைக் கவனிக்கும் கணினி, ஓட்டத்தில் மறுபடி அந்தக் குறையைக் காணும் வரை சும்மா இருக்கும். ஆனால் அழித்த பிறகு கார் எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை தடவை சூடேறியது என்ற கணக்கு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் காரில் அது இரண்டு கிலோமீற்றர், சூடேறியது பூச்சியம். அதாவது அந்த நினைவு அழிந்த பிறகு கார் ஓடியதே இல்லை என்று சொல்லலாம். பரிசோதகரின் சொந்தக் கணினியில்தான் அந்த வரி வந்தது. அதைப் பார்த்தும் “பழுது இல்லை” என்று எழுதியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விற்பனையாளரிடம் கேட்டேன். சின்னப் பற்றரியை மாற்றினோம், அதனால் அழிந்திருக்கும் என்றார். சின்ன 12 வோல்ட் பற்றரியைக் கழற்றினாலும் இந்தக் கணக்கு பூச்சியமாகலாம் என்பது உண்மைதான். ஆகவே அந்த வரியை மட்டும் வைத்துக் கார் கெட்டது என்று சொல்ல முடியாது. கொஞ்சத் தூரம் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது.

முற்பணம் கட்டியிருந்ததால் நீண்ட ஓட்டத்துக்கு மறுக்க அவர்களால் முடியவில்லை. பஞ்சிகாவத்தையில் ஹைபிரிட் பற்றரி வேலை செய்யும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பற்றரிக்குச் சுமை ஏறட்டும் என்று ஏசியையும் போட்டுப் பின்னேர நெரிசலில் காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை போய் வந்தோம். தெஹிவளை தாண்டும்போதே டாஷ்போர்டில் சார்ஜைக் காட்டும் பற்றரிக் கோடுகள் ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்கின, சற்று நேரத்தில் திரும்ப மளமளவென்று ஏறின. நல்ல பற்றரி இப்படிக் குதிக்காது. பின் சீற்றுப் பக்கத்து விசிறி பலமாக இரைந்தது. அவருடைய கணினியில் மற்ற பிளொக்குகள் ஒன்றாக ஏறி இறங்க, ஒன்று மட்டும் அழுத்தி ஓட்டும்போதெல்லாம் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கீழே விழுந்தது. திரும்பி வரும்போது P0A80 என்ற பழுதுக் குறியீடு வந்துவிட்டது. ஹைபிரிட் பற்றரியை மாற்று என்பதுதான் அதன் பொருள்.

பற்றரிக்காரர் இன்னொன்றும் சொன்னார். சிலர் கெட்ட பிளொக்கில் ஒன்றிரண்டு கலங்களை மட்டும் மாற்றி விற்பார்களாம். பழையவற்றோடு புதியவை ஒத்துப்போகாமல் சில மாதங்களில் அடுத்தது விழும். அதனால் “பற்றரி செய்தது” என்று சொன்னால், முழுவதுமா, சில கலங்களா என்று பில்லைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

முற்பணத்தைக் கேட்டபோது பற்றுச்சீட்டைக் காட்டினார்கள். “திருப்பித் தரப்படமாட்டாது” என்று அச்சிட்டிருந்தது. தம்பி பணத்தை அனுப்பிய பிறகுதான் அந்தச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு ஸ்கேன்களையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

இப்போது வேறொரு காருக்கு முற்பணம் கொடுக்கும்போது, பற்றுச்சீட்டில் செசி இலக்கத்தோடு இந்த வசனத்தைக் கையால் எழுதி வாங்கினோம்: “நெரிசலில் ஓட்டிய பின் எடுக்கும் ஸ்கேனில் ஹைபிரிட் பற்றரிக் குறை தெரிந்தால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.” அந்த விற்பனையாளர் தயங்காமல் கையெழுத்திட்டார்.

நுகேகொடைக் கார் மறுபடி விளம்பரத்தில் வந்திருக்கிறது. வெள்ளி நிறம், 2014, “ஸ்கேன் ரிப்போர்ட் உண்டு” என்று போட்டிருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் கடைசிப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.