மிக்சியா, சல்லடையா, முள்கரண்டியா? குழந்தைக்கு மசிக்கும் மூன்று வழிகள்

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கும்போது, எதைக் கொடுப்பது என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். எதை வைத்து மசிப்பது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், முதல் நாளே உருளைக்கிழங்கை மிக்சியில் போட்டுப் பசை காய்ச்சும் வரை.

ஒரே காயை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 100 கிராம் உருளைக்கிழங்கு, 50 கிராம் கேரட். இரண்டையும் தோல் சீவி, கிழங்கை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாகவும், கேரட்டை அதைவிடச் சிறிதாகவும் நறுக்குங்கள். கேரட் வேகத் தாமதமாகும். ஆவியில் 15 நிமிடம் வைத்த பிறகு, ஒரு கேரட் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். நடுத்தண்டு உட்பட அப்படியே நசுங்க வேண்டும். வழுக்கி ஓடினால் இன்னும் ஐந்து நிமிடம். தக்காளி மாதிரி புளிப்பு ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் வெந்த பிறகு சேருங்கள். புளிப்பில் காய் மெத்தென்று வேகாது.

சரி, இப்போது மிக்சி. வெந்த உருளைக்கிழங்கின் செல்களுக்குள் மாவுச்சத்து நீரில் ஊறி உப்பி இருக்கும். பிளேடு வேகமாகச் சுற்றும்போது செல்கள் உடைந்து அந்த மாவுச்சத்து வெளியே வந்துவிடும். அதுதான் இழுத்தால் நூலாக வரும் பசை. குழந்தையின் மேல் அண்ணத்தில் அது ஒட்டிக்கொள்ளும். அதோடு 150 கிராமுக்கு ஜாரில் பிளேடு சரியாகப் பிடிக்காது. உடனே கை தண்ணீர்ச் செம்பை எடுத்துவிடும். நீர்த்த கூழால் குட்டி வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், ஆனால் அதில் சத்து குறைவு. கரண்டியைச் சாய்த்தால் கூழ் மெதுவாகச் சரிய வேண்டும், ஓடக்கூடாது.

அதற்காக மிக்சியை ஒதுக்கவும் மாட்டேன். வேகவைத்த இறைச்சிக்கு அதை விட்டால் வழியில்லை. நார் நாராகப் பிரிவதைப் பல் இல்லாத வாய் சமாளிக்காது, முள்கரண்டியும் அதை மசிக்காது. ஆறு மாதத்துக்கு மேல் குழந்தைக்கு இரும்புச்சத்து உணவிலிருந்தும் கிடைத்தாக வேண்டும் என்பதால், இறைச்சி சாப்பிடும் வீட்டில் மிக்சிக்கு வேலை இருக்கிறது. கேரட்டைத் தனியாக அடித்தாலும் பசையாகாது, அதில் மாவுச்சத்து குறைவு.

சல்லடை பொறுமைக்காரர்களின் கருவி. பட்டாணி, பீன்ஸ் விதை மாதிரி தோல் உள்ளவற்றுக்கு அதுதான் சரி. கரண்டியின் முதுகால் அழுத்தினால் சதை இறங்கும், தோல் மேலேயே தங்கும். அடிப்பக்கம் ஒட்டியிருப்பதை வழித்தெடுக்க மறக்காதீர்கள், பாதி அங்கேதான் இருக்கும். உருளைக்கிழங்கும் இதில் பசையாகாது. அப்புறம் சல்லடை கழுவுவது இருக்கிறதே, அது வேறு கதை.

தினசரிக்கு என் ஓட்டு முள்கரண்டிக்குத்தான். சூடாக இருக்கும்போதே மசித்து, பரிமாறும் கிண்ணத்தில் இரண்டு மூன்று கரண்டி தாய்ப்பாலோ ஃபார்முலா பாலோ விட்டுக் கலக்கினால் போதும். முதல் வாரம் நன்றாக மசிக்கலாம், பிறகு போகப்போகக் கையைத் தளர்த்தலாம். மிக்சியில் பழகிய வீட்டில் எட்டு, ஒன்பது மாதம் வரை வழவழப்பாகவே ஓடிவிடும். மென்மையான கட்டிகள் அந்த வயதுக்குள் பழகாவிட்டால் பின்னால் துப்புவதும் ஓங்கரிப்பதும் அதிகமாகும். முள்கரண்டியில் உள்ள ஒரே ஆபத்து, வேகாத கேரட் துண்டு கண்ணில் படாமல் தப்பிவிடுவது. அதனால்தான் அந்த விரல் சோதனை.

உப்பு விஷயத்திலும் முள்கரண்டிக்காரருக்கு ஒரு வசதி: வீட்டுக்காரர்களுக்கு வேகும் காயிலேயே, உப்பு போடும் முன் நாலு துண்டை எடுத்துவிடலாம். ஒரு வயதுக்குள் நாள் முழுவதற்குமே ஒரு கிராமுக்குக் குறைவான உப்புதான், பாலில் இருப்பதும் இதில் அடக்கம். அதற்கு மேல் போனால் வளராத சிறுநீரகம் திணறும். மசித்ததை நாம் ருசி பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும், அது நம் நாக்கின் பழக்கம். உப்பு வெண்ணெய், சீஸ், சூப் கட்டி இவற்றின் வழியாகவும் உப்பு நுழைந்துவிடும்.

மிச்சம் வைப்பதானால் பால் கலக்காமல், குழந்தையின் கரண்டி படாமல் முன்பே தனியே எடுத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கிழங்கு இறுகிப்போயிருக்கும். மிக்சிக்குப் போகாதீர்கள், கொஞ்சம் வெந்நீர் விட்டு ஆவி பறக்கச் சூடாக்கி, கரண்டியால் கிளறினால் இளகிவிடும். கூழ் கொஞ்சம் ஆறிய பிறகு பால் விடுங்கள். ஒருமுறை சூடாக்கியது மீந்தால் கொட்டிவிடுங்கள்.