oTranscribe, Taguette, இடையில் பாமினி: நெடுநாள் பாவனைக்குப் பிறகு

ஆய்வுத் திட்டமொன்றில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி, "அக்கா, என்விவோ வாங்காமல் சமாளிக்கேலுமோ?" என்று கேட்டிருந்தா. என்விவோ நேர்காணல்களை அலசக் காசுக்கு விற்கும் மென்பொருள். அது இல்லாமலும் ஏலும். நான் யாழ்ப்பாணத்தில் நுண்கடன் பற்றிய நேர்காணல்களை oTranscribe-இல் கேட்டு எழுதி, Taguette-இல் குறியிட்டுத்தான், அதாவது ஒவ்வொரு துண்டுக்கும் அதன் பொருளைச் சொல்லும் ஒரு பெயர் போட்டுத்தான் வருகிறேன். இரண்டும் இலவசம். oTranscribe-இல் ஒலிக்கோப்பு உலாவிக்குள்ளேயே ஓடுவதால் கணினியை விட்டு வெளியே போகாது. கடன்காரரின் கதையைப் பதிந்து வைத்திருப்பவருக்கு அது சின்ன விசயமில்லை.

ஒரு மணித்தியாலப் பதிவைக் கேட்டு எழுத நாலு முதல் ஆறு மணித்தியாலம் போகும். பக்கத்தில் சேவலும் மோட்டர் சைக்கிளும் இருந்தால் இன்னும் கூட. `Esc` ஓட்டும், நிறுத்தும். `F1` பின்னுக்குக் கொண்டுபோகும், `F3` வேகத்தைக் குறைக்கும். இதெல்லாம் ஒரு நாளில் கைக்கு வந்துவிடும். நான் எதிர்பாராத கொடை `Ctrl+J`. அந்த நேரத்தை எழுத்துக்கு நடுவே பதித்துவிடும்; பிறகு அதைச் சொடுக்கினால் ஒலி அதே இடத்துக்குப் போகும். அதன் அருமை தட்டச்சு செய்யும்போது தெரியாது, குறியிடும்போதுதான் தெரியும்.

ஓர் அம்மா சொன்னது இது: "கேட்டா உடன குடுப்பினம். நல்ல பிள்ளையள். விடிய வந்து வாசல்லையே இருப்பினம்." என்னோடு குறியிட்ட தோழி மூன்று வசனத்தையும் சேர்த்து 'கடன் எளிதில் கிடைத்தல்' என்று போட்டிருந்தா. நான் 'வசூல் அழுத்தம்' என்று போட்டிருந்தேன். தாளில் பார்த்தால் அவ சொல்வதும் சரிதான். பக்கத்தில் 32:14 இருந்தது. போய்க் கேட்டோம். "நல்ல பிள்ளையள்" என்றதும் அம்மா கொஞ்சம் நிறுத்துகிறா, பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறா. அலுவலகம் கேட்டது சுத்தப்படுத்திய எழுத்து என்பதால் சிரிப்பும் இடைவெளியும் அதில் வரவில்லை.

உடனே துண்டைப் பிரித்தோம். முதல் வசனம் கடன் கிடைப்பதற்கு, மற்ற இரண்டும் வசூலுக்கு. எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று எழுதி வைக்கும் குறியேட்டில் 'வசூல் அழுத்தம்' என்பதன் கீழ், "கடனைத் திருப்பி எடுக்க வருபவரின் வருகை, காத்திருப்பு, பேச்சு. கடன் தரும் முறை இதில் சேராது" என்று எழுதினோம். [சிரிப்பு], [மௌனம்] இரண்டையும் இனி எழுத்தில் போடுவதென்றும் முடிவு. இரண்டு பேர் முரண்படும்போது யார் மூத்தவர் என்று பார்க்காமல் ஒலியிடம் போகலாம் என்ற வசதிக்கே oTranscribe-ஐ மெச்சுவேன்.

இனி எரிச்சல். திட்டத்தின் பழைய எழுத்துப்படிகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. வேர்டில் திறந்தால் அழகான தமிழ். Taguette-க்குள் ஏற்றினால் எழுத்துரு கழன்றுவிடும், 'கடன்' என்பது இப்படி நிற்கும்:

```
fld;
```

Taguette-இன் பிழையல்ல இது. பாமினி ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய தமிழ் வடிவம்தான். போர்வை போனால் அடியில் உள்ளது தெரியும். யுனிக்கோட்டுக்கு மாற்றி விடலாமே என்பீர்கள். மாற்றலாம். ஆனால் எழுதியவர் நடுவில் loan என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால், மாற்றும் கருவி அதையும் பாமினி என்று நினைத்து 'டழயெ' போல ஏதோ தரும். நுண்கடன் நேர்காணலில் எத்தனை தரம் அந்தச் சொல் வரும் என்று யோசியுங்கள்! எங்கள் தேடலில் அகப்படாமல் போவதும் அந்தச் சொல்தான். இப்போது மாற்றுவதற்கு முன் வேர்டின் விரிவான தேடலில் எழுத்துருவின்படி தேடி, பாமினி அல்லாத துண்டுகளைக் கண்டு, தமிழிலேயே 'லோன்' என்று திருத்திவிடுகிறேன். ஒரு கோப்புக்கு ஒரு பின்னேரம் போகும். யாரும் இதை ஆய்வு என்று கணக்கில் எடுப்பதில்லை.

வேறு குறைகள் சிறியவை. oTranscribe எழுத்தை உலாவியில்தான் சேமிக்கும். பொதுக் கணினியில் யாராவது வரலாற்றை அழித்தால் போச்சு. தினமும் `.otr` கோப்பாக இறக்கி, ஒலிக்கோப்பின் பெயரையே அதற்கும் வையுங்கள். Taguette-க்கு ஒலி தெரியாது. நேரத்தைப் பார்த்து oTranscribe-க்குத் திரும்பிப் போகவேணும். எந்தக் குறி எந்தக் குறியோடு சேர்ந்து வருகிறது என்ற அட்டவணையும் அதில் இல்லை, எக்செலில்தான் பார்க்கிறோம்.

இவ்வளவு புகழ்ந்தும், இந்தக் கிழமை கேட்டால் "வேண்டாம், தாளும் கலர்ப் பேனையும் எடு" என்றுதான் சொல்வேன். பாமினிக் கோப்பொன்றோடு மாரடித்துவிட்டு இருக்கிறேன். தங்கச்சி, என்விவோவுக்கான காசை ஒரு நல்ல ஹெட்போனுக்குப் போடுங்கோ. வேலையில் கையெழுத்து வைக்கமுதல், பழைய கோப்பு ஒன்றை வாங்கி நோட்பாடில் ஒட்டிப் பாருங்கோ. தமிழ் தெரிந்தால் சேருங்கோ.