வெள்ளை கேன்வாஸ் ஷூ: பிளீச்சா, மெஷினா, பேக்கிங் சோடாவா, வெறும் சோப்பா?

துவைக்கும் முன் இல்லாத ஒரு மஞ்சள் கோடு, ஷூ காய்ந்தபின் துணியும் ரப்பரும் சேரும் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அழுக்கு போகவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டுத் தேய்ப்போம். அடுத்த முறை கோடு இன்னும் அழுத்தமாக வரும். உள்ளே தங்கிய ஈரம் துணியின் வெளிப்பக்கத்துக்கு வந்துதான் ஆவியாகிறது. வரும்போது கரைந்த சோப்பையும் அழுக்கையும் கூட்டிவந்து அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. அதனால் எந்த முறையானாலும் நான் கேட்பது இரண்டே கேள்விகள்: உள்ளே எவ்வளவு தண்ணீர் போகிறது, கடைசியில் உள்ளே என்ன தங்குகிறது?

குளோரின் பிளீச்சைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பருத்தி நூலை அரிக்கும், ரப்பரை வறட்டும், சரியாக அலசாவிட்டால் அதுவே துணியை மஞ்சளாக்கும். வெள்ளைத் துணிக்கென்றே விற்கும் பொருள் வெள்ளை ஷூவைக் கெடுக்கிறது என்பதை ஏற்க எனக்கும் ஒரு ஜோடி ஷூ செலவானது.

வாஷிங் மெஷின் சோம்பேறிகளின் ஆசை. ஒன்றிரண்டு முறை போட்டால் ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும். ஆனால் ஷூ முழுக்க ஊறி, சுழற்சியில் அடிபட்டு மடங்குகிறது. வெந்நீரும் சேர்ந்தால் பசை இளகும். ரப்பர் விளிம்பைத் துணியோடு சேர்த்து வேகவைத்து இறுக்கிய ஷூக்கள் ஓரளவு தாங்கும். பசையால் மட்டும் ஒட்டிய அடிப்பாகம் அவ்வளவு தாங்காது. சந்தேகம் இருந்தால், காய்ந்த ஷூவை விரல்கள் மடங்கும் இடத்தில் வளைத்துப் பாருங்கள். ரப்பருக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கீற்று தெரிந்து, அதில் நகம் நுழைந்தால் பசை விட ஆரம்பித்துவிட்டது. அந்த ஷூவுக்கு மெஷின் இனி வேண்டாம். டிரையர் எந்த ஷூவுக்குமே வேண்டாம்.

உண்மையான போட்டி சோடாவுக்கும் சோப்புக்கும்தான். ஒரே ஜோடியில் இரண்டையும் பார்த்தேன். இடது ஷூவுக்கு, பேக்கிங் சோடாவில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் குழைத்த பசை. பூசி, சொல்லக் கேட்டபடியே வெயிலில் வைத்தேன். வலது ஷூவுக்கு, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. லேஸையும் உள்ளட்டையையும் கழற்றி, பழைய டூத் பிரஷை நனைத்து உதறி, நுரையால் மட்டும் தேய்த்தேன். ஈரத்துணியை மாற்றி மாற்றி நான்கு முறை ஒற்றி எடுத்தேன், துணியில் நுரை வருவது நிற்கும் வரை. ஊறவைக்கவே இல்லை.

முதலில் ஜெயித்தது இடதுதான். புல் கறை ஒன்று சோடா பசையில் கரைந்தே போனது. வலதில் அதே மாதிரிக் கறை மங்கலாக நின்றது. வெளுத்தது பெராக்சைடு. சோடா பெரும்பாலும் மென்மையான உரசல்தான். ஆனால் அதன் தூள் நெசவுக்குள் புகுந்துகொண்டது. அதை அலசி எடுக்க ஷூவைக் குழாயடியில் பிடிக்கவேண்டியதாயிற்று. அதாவது எதைத் தவிர்க்க நினைத்தேனோ அதுவே நடந்தது. காய்ந்தபின் குதிகால் பக்கம் மஞ்சள் கோடு.

வலதைக் காயவைக்கும்போது உள்ளே வெள்ளைத் துணியைத் திணித்து, வெளியே அச்சடிக்காத வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒட்டச் சுற்றி நிழலில் வைத்தேன். மறுநாள் பிரித்தபோது பேப்பரில், ரப்பர் விளிம்புக்கு நேர் மேலே, தேநீர் சிந்தியது போல ஒரு வளைவு. ஷூவில் விழவேண்டிய கோடு பேப்பருக்குப் போயிருந்தது. இது பிரமாதமான தந்திரமெல்லாம் இல்லை. ஈரம் ஆவியாகும் பரப்பை ஷூவிலிருந்து பேப்பருக்கு மாற்றியதுதான்.

ஆக, ஷூ முழுவதற்கும் சோப்பு. போகாத கறைக்கு மட்டும், சோடா இல்லாமல், பஞ்சில் தொட்ட பெராக்சைடு; பத்து நிமிடத்தில் துடைத்துவிடுங்கள். ரப்பர் விளிம்புக்கு ஈரமான மெலமைன் ஸ்பாஞ்ச், லேசான கையோடு. அழுத்தினால் பளபளப்பு தேய்ந்து அழுக்கு சீக்கிரம் ஒட்டும். வெயில் துணியை வேகமாக உலர்த்தும், ஆனால் அதன் புற ஊதாக் கதிர்தான் ரப்பரைப் பழுப்பாக்குகிறது. அப்படி முதிர்ந்து ரப்பருக்குள்ளேயே ஏறிய மஞ்சளை எந்த சோப்பாலும் கழுவ முடியாது.

இடது ஷூவின் கோட்டை மீட்க, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து, அந்த இடத்தை ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்து, டிஷ்யூ சுற்றி வைத்தேன். தங்கியிருந்த காரத்தை வினிகர் சமன் செய்யும். பிளீச் பட்ட ஷூவில் இதைச் செய்யாதீர்கள்; குளோரின் வாயு வரும். கோடு பாதிக்கு மேல் போய்விட்டது. மீதியைப் பேன்ட் மறைத்துக்கொள்கிறது.