ஊறுகாய் பாட்டில் விளக்கு: கண்ணாடி தாங்கிவிட்டது, பசைதான் படுத்துகிறது

"அண்ணி, கார்த்திகைக்குக் கலர் கண்ணாடி விளக்கெல்லாம் விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா, இல்ல உங்களை மாதிரி பாட்டில்லயே ஒட்டிக்கவா?" என்று நாத்தனார் கேட்டிருக்கிறாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பழைய ஊறுகாய் பாட்டிலின் வெளியே கலர் டிஷ்யூ பேப்பர் ஒட்டி, உள்ளே டீ லைட் என்கிற குட்டி மெழுகுவத்தி ஏற்றும் விளக்குகளோடு பல கார்த்திகைகளாகக் குடித்தனம் நடத்துகிறேன். டிஷ்யூ பேப்பர் ஒட்டுவது எப்படி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நியாயமாகப் பாராட்டிவிடுகிறேன். கார்த்திகை என்றாலே மழையும் காற்றும். பால்கனி விளிம்பில் வைத்த அகல் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஏற்றியே கை ஓய்ந்துபோகும். பாட்டிலுக்குள் இருக்கும் சுடருக்கு அந்தத் தொல்லை இல்லை. தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்து, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் மஞ்சளும் சிவப்பும் சேரும் இடத்தில் ஒரு செம்பருத்தி நிறம் வரும். கடை விளக்கில் அது கிடைக்காது.

எல்லோரும் பயப்படுவது கண்ணாடி வெடிப்பதற்குத்தான். அதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். டீ லைட்டில் மெழுகு முழுவதும் உருகியதும் அந்த அலுமினியக் கிண்ணம் கை வைக்க முடியாத அளவு சூடாகிவிடும். அது நேராகப் பாட்டிலின் அடியில் உட்கார்ந்திருந்தால் நடுப்பகுதி மட்டும் சூடேறி விரியும். ஈரத் தரையைத் தொடும் சுற்று விளிம்போ குளிர்ந்தே இருக்கும். கண்ணாடி சூட்டைச் சட்டென்று பரவ விடாது. அதனால் அடியும் சுவரும் சேரும் வளைவில்தான் கீறல் ஓடும். தூக்கினால் அடிப்பாகம் தட்டு மாதிரி தனியாகக் கழன்று வரும். சுடர் பக்கவாட்டில் சாய்ந்து சுவரை நக்கினாலும், சூடான சுவரில் வெளியிலிருந்து மழைத்துளி விழுந்தாலும் இதே கதைதான்.

எனக்குக் கைகொடுத்தது மணலும் அகலும். பாட்டிலின் அடியில் நன்றாகக் காய்ந்த மணல் இரண்டு விரல் கனம். அதன் மேல் ஒரு சின்ன அகலைக் கவிழ்த்து, அதன் முதுகில் டீ லைட் வைக்கும் தகரக் கிண்ணம். அகலின் முதுகு ஆடாமல் இருக்க அதைக் கொஞ்சம் தரையில் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். மண்ணும் மணலும் சூட்டைக் கீழே இறங்க விடுவதில்லை. ஒரு டீ லைட் எரிந்து முடியும்போதும் பாட்டிலின் அடி வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். டீ லைட் சுமார் 4 செ.மீ. அகலம். சுற்றிலும் இரண்டு செ.மீ. இடம் வேண்டுமென்றால் பாட்டிலின் உள்வாய் 8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அகலவாய் ஊறுகாய் பாட்டில் சரியாக இருக்கும். கழுத்து குறுகிய ஜாம் பாட்டில் வேண்டவே வேண்டாம். காற்றோட்டம் போதாமல் சுடர் தள்ளாடும், வாயெல்லாம் கரி பிடிக்கும்.

பழைய பாட்டிலை எடுக்கும்போது ஸ்பூனால் லேசாகத் தட்டிப் பார்க்கவும். 'டிங்' என்று நீண்டு ஒலித்தால் சரி. சத்தம் மொக்கையாக அடங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது. அதில் பேனா போட்டு வைத்துக்கொள்ளலாம், தீ வேண்டாம். தாள் எப்போதும் வெளிப்பக்கம்தான், வாயிலிருந்து இரண்டு விரல் விட்டு. அணைக்க ஊதலாம், தண்ணீர் தெளிக்கக் கூடாது. இப்படி வைத்ததில் எதுவும் வெடித்ததில்லை.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். மரவேலைக்கு விற்கும் வெள்ளைப் பசையை, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கிப் பூசுகிறோமே, அது காய்ந்த பிறகும் இரண்டு விஷயத்துக்கு இளகிக் கொடுக்கும்: ஈரம், சூடு. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டுமே உண்டு. மழை நாளில் பாட்டில் பால் பூத்தது மாதிரி வெளுத்துவிடும். விளக்கேற்றிய அரை மணியில் மேல் பாதி பிசுபிசுக்கும், பறக்கிற ஈசல் எல்லாம் அதில் வந்து ஒட்டும். தண்ணீரில் கரையும் நிறமற்ற வார்னிஷ் மேலே இரண்டு கை அடித்தால் ஈரம் அடங்குகிறது. சூட்டுப் பிசுபிசுப்பு குறைகிறதே தவிர நிற்கவில்லை. பரணில் செய்தித்தாள் சுற்றி வைத்தேன், அடுத்த வருஷம் எடுத்தபோது சிவப்புத் தாளின் மேல் சினிமா விளம்பரம் அச்சாகியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் வெந்நீரில் ஊறப்போட்டு உரித்து, மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டும். விரல் நகத்தில் சாயம் போக ஒரு வாரம் ஆகும்.

நாத்தனாருக்குச் சொன்ன பதில்: "பேசாம கடையில வாங்கிடும்மா." வாங்கினாலும் மணலும் கவிழ்த்த அகலும் போடச் சொல்லியிருக்கிறேன், அதுவும் கண்ணாடிதானே. நான் மட்டும் நாளைக்கு டிஷ்யூ பேப்பர் வாங்கப் போகிறேன். இந்த முறை மஞ்சள் மட்டும், சிவப்புச் சாயம் ரொம்ப இறங்குகிறது.