ஆறு ஜிபி வீடியோ: கேபிளா, புளூடூத்தா, ஹாட்ஸ்பாட்டா?

மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தோம். சாமிப் பெட்டி வருவதை மாமா மகன் தன் கைபேசியில் 45 நிமிடம் எடுத்திருந்தான். நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி. மொத்தம் 6 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. விடிந்ததும் அவன் திருப்பூர் பஸ் ஏற வேண்டும். அதற்குள் அந்த வீடியோ என் கைபேசிக்கு வந்துவிட வேண்டும். என் கைபேசியில் 34 சதவீதம் சார்ஜ்தான் மிச்சம்.

கேபிள் கையில் இருந்தால் பேச்சே வேண்டாம். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளிலேயே நொடிக்கு 30 எம்பி போகும். மூன்று நான்கு நிமிட வேலை. ஆனால் கோயில் வாசல் பெட்டிக்கடையில் கிடைத்தது சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் கேபிள். உள்ளே தரவுக்கான கம்பியே கிடையாது. சொருகினால் சார்ஜ் ஏறும், கோப்பு அனுப்பவா என்ற கேள்வி மட்டும் திரையில் வராது.

அடுத்து புளூடூத்தைப் போட்டோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 360 எம்பி வந்திருந்தது. பேட்டரியில் குறைந்ததோ 2 சதவீதம். பரவாயில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். புளூடூத் மணிக்கணக்கில் பார்த்தால் சிக்கனம், கோப்புக் கணக்கில் பார்த்தால் ஊதாரி. அந்த வேகத்தில் 6 ஜிபிக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என்னிடம் இருந்த 34 சதவீதமும் அதற்கே சரியாகப் போயிருக்கும். நடுவில் அவன் பத்து மீட்டர் தள்ளிப் போய்விட்டால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஹாட்ஸ்பாட்டின் குணம் நேர்மாறு. அது பேட்டரியை வேகமாகக் குடிக்கும், ஆனால் சீக்கிரம் எழுந்து போய்விடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 4 எம்பிதான் வந்தது. அப்படியே விட்டிருந்தால் 25 நிமிடம். அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் 20 எம்பியைத் தொட்டது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது, பேட்டரியில் குறைந்தது 2 சதவீதம். இது எங்கள் இரண்டு கைபேசிகளின் கணக்கு. பழைய கைபேசி பலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸே இருக்காது. சுவர் குறுக்கே வந்தாலும் அதன் வேகம் படுத்துவிடும். நாங்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தோம்.

ஹாட்ஸ்பாட்டைத் திறக்குமுன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். கோப்பு போவதற்கு இணையம் தேவையில்லை. அணைக்காவிட்டால், இணைந்த கைபேசி வைஃபை கிடைத்துவிட்டதென்று நினைத்து, தன் செயலிகளையெல்லாம் உங்கள் செலவில் புதுப்பிக்க ஆரம்பித்துவிடும். டேட்டாவை அணைத்தபின், இணையம் இல்லை, தொடரவா என்று அந்தக் கைபேசி கேட்கும். தொடர் என்று சொல்லிவிட வேண்டும்.

பஸ் வருமுன் இரண்டு கைபேசியிலும் கோப்பின் அளவை ஒப்பிட்டுவிட்டு, கடைசி நிமிடத்தை ஓட்டிப் பார்த்தேன். பெட்டி கோயிலுக்குள் நுழைகிறது, படமெடுத்தவனை யாரோ அதட்டுகிறார், "செருப்பைக் கழற்றடா!"